தோள் பஞ்சிலிருந்து தோள்வாருக்கு: 90களின் ஸ்லிப் ட்ரெஸ் உண்மையிலேயே எளிமையா?

ஊசிமுனை | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் ஆடை வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் எனக்கு வந்த தலைப்பு 1990களின் மினிமலிசம். "எண்பதுகளின் பகட்டுக்கு எதிர்வினையாகத் தொண்ணூறுகளில் எளிமை வந்தது" என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது?

இரண்டு படங்களை அருகருகே ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டிலும் இருப்பவர் டயானா. முதலாவது 1981 ஜூலை, அவருடைய கல்யாண கவுன். தந்த நிறப் பட்டு டஃபெட்டா, பலூன் மாதிரி கை, பின்னால் இழுபடும் துணி மட்டும் 25 அடி. வண்டியிலிருந்து இறங்கும்போதே டஃபெட்டா கசங்கியிருப்பது படத்திலேயே தெரிகிறது. இரண்டாவது 1996 டிசம்பர், நியூயார்க்கில் மெட் காலா. டியோர் நிறுவனத்துக்காக ஜான் கலியானோ வடிவமைத்த கருநீல ஸ்லிப் ட்ரெஸ். மெல்லிய தோள்வார் இரண்டு, ஓரத்தில் கொஞ்சம் லேஸ், அவ்வளவுதான். பதினைந்து வருஷத்தில் அதே ஆள் மேலிருந்து இவ்வளவு துணி எங்கே போனது, ஏன் போனது என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. செய்து பார்த்தால்தான் புரியும் என்று நானே ஒரு ஸ்லிப் ட்ரெஸ் தைத்தேன். இரண்டு துண்டு, இரண்டு தோள்வார், இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். முதலில் நேர் நூலில் வெட்டினேன், இடுப்பில் இழுத்துப் பிடித்தது. அடுத்து துணியை மூலைக்கு மூலை சாய்த்துக் கிராஸ் கட்டிங்கில் வெட்டினேன், உடம்போடு அழகாக விழுந்தது. மறுநாள் காலை பார்த்தால் இடது பக்கக் கீழ் ஓரம் வலது பக்கத்தை விட 4 செ.மீ. இறங்கியிருந்தது. பக்கத் தையலும் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. என்ன தவறு செய்தேன்?

காளைச்சந்தை | செவ்வாய், இரவு 10.15

தையலைப் பத்தி எனக்குத் தெரியாது, ஆனா ஏன் வந்துச்சுங்கறதுக்குப் பதில் ரொம்ப நேரடியானது. 1987 அக்டோபர் 19, கறுப்புத் திங்கள். டவ் ஜோன்ஸ் ஒரே நாள்ல 22.6 சதவீதம் விழுந்துச்சு. அப்புறம் 1990-91ல அமெரிக்காவுல மந்தநிலை. கையில காசு இல்லன்னா யாரு ஜரிகையும் பஃப் கையும் வாங்குவா? துணி கம்மி, வேலை கம்மி, விலை கம்மி. அதனால எளிமை வந்துச்சு. "டைனஸ்டி" தொடர்ல எல்லாப் பொம்பளைங்களும் தோள்ல தலையணை வச்ச மாதிரி வருவாங்க, அதுவும் 1989ல நின்னுபோச்சு. எல்லாம் சரியாப் பொருந்துது பாருங்க.

பழைய_இதழ் | செவ்வாய், இரவு 11.30

காளைச்சந்தை, உங்கள் தேதிகள் சரி. "விலை கம்மி" என்பது மட்டும் சரியில்லை.

மினிமலிசம் என்று சொன்னதும் நினைவுக்கு வரும் பெயர்களைப் பாருங்கள்: ஹாம்பர்க்கின் ஜில் சாண்டர், வியன்னாவிலிருந்து வந்த ஹெல்முட் லாங், மிலானின் ப்ராடா, நியூயார்க்கின் கால்வின் க்ளைன். இவர்களில் ஒருவர் கடையிலும் காசில்லாதவர் போய்த் துணி வாங்க முடியாது. கால்வின் க்ளைன் 1995ல் மேடிசன் அவென்யூவில் திறந்த கடையை வடிவமைத்தவர் ஜான் பாசன் என்ற கட்டடக் கலைஞர். வெள்ளைச் சுவர், வெறும் கல் தரை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொங்கும் உடை. நகரத்தின் மிக விலையுயர்ந்த தெருக்களில் ஒன்றில் இடத்தைப் பிடித்து அதைக் காலியாக விட்டு வைப்பதற்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று யோசியுங்கள்.

காலக்கணக்கும் உதைக்கிறது. சரிவுக்கு ஆறு வருஷம் முன்பே, 1981ல், ஜப்பானின் ரெய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் பாரிஸில் கறுப்புத் துணியைக் காட்டிவிட்டார்கள். ஹெல்முட் லாங் 1986ல் பாரிஸுக்கு வந்துவிட்டார். 1985ல் டோனா கரன் ஏழே உடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு வாரத்தை ஓட்டலாம் என்று காட்டினார். விதை எண்பதுகளின் நடுவிலேயே விழுந்துவிட்டது.

அப்படியானால் சரிவு என்ன செய்தது? என் எண்ணம் இது. காசை இல்லாமல் ஆக்கியதை விட, காசைக் காட்டுவதை அது வெட்கமாக்கியது. கிறிஸ்தியான் லக்ரோவா தன் பெயரில், ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கும் கூத்தூர் நிறுவனம் தொடங்கியது 1987ல்தான். பூசணி மாதிரி உப்பிய அவருடைய பூஃப் பாவாடை அந்த வருஷம் எங்கும் பேச்சு. அதே வருஷம் சந்தை விழுந்தது. 1988 நவம்பர் அமெரிக்க வோக் அட்டையைப் பார்த்திருப்பீர்கள், அன்னா வின்டூர் ஆசிரியராக வந்த முதல் இதழ். அதே லக்ரோவாவின் கல் பதித்த மேல்சட்டை, விலை 10,000 டாலர் என்பார்கள். அதற்குக் கீழே வெளுத்த 50 டாலர் ஜீன்ஸ். ஒரே அட்டையில் இரண்டு பத்தாண்டும் நிற்கின்றன, மேல் பாதி எண்பதுகள், கீழ்ப் பாதி தொண்ணூறுகள். பணம் எங்கும் போகவில்லை. கண்ணுக்குப் படும் இடத்திலிருந்து நகர்ந்து வேறு எங்கோ உட்கார்ந்துகொண்டது. எங்கே என்பதைத் தைக்கத் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எளியவாழ்வு | புதன், காலை 6.50

அருமையான இழை. நானும் மூன்று வருஷமாக மினிமலிசம்தான். பீரோவில் 33 உடுப்பு மட்டும் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். காலையில் எதை உடுத்துவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எல்லாம் சாம்பல், வெள்ளை, நீலம். தங்கச்சி, உங்கள் கட்டுரையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், படிப்பவர்களுக்குப் பயன்படும்.

பழைய_இதழ் | புதன், காலை 8.05

நீங்கள் சொல்வது எத்தனை உடுப்பு வைத்துக்கொள்வது என்பது. ஊசிமுனை கேட்பது ஒரு உடுப்பில் எவ்வளவு இருக்கலாம் என்பது. தொண்ணூறுகளில் சாம்பல் நிற ஸ்வெட்டரை ஐந்து வாங்கி வைத்திருந்தவர்களும் உண்டு, அவர்களையும் மினிமலிஸ்ட் என்றுதான் சொன்னார்கள். டோனா கரனின் ஏழு உடுப்பு மட்டும் உங்கள் வழக்கத்துக்குக் கொஞ்சம் உறவு.

நல்லூர்_லண்டன் | புதன், மாலை 4.20

ஊசிமுனை பிள்ளை, உம்மட 4 சென்டிமீட்டருக்கு நான் பதில் சொல்லுறன். நான் 91இல லண்டன் வந்தனான். கலியாண உடுப்பும் விருந்து உடுப்பும் தைக்கிற ஒரு சின்னப் பட்டறையில 14 வருஷம் வேலை செய்தனான். முதல் இரண்டு மூண்டு வருஷம் கல்லும் முத்தும் வைச்ச பழைய மாதிரி உடுப்புகள்தான் கனக்க வந்தது. பிறகு ஒவ்வொருத்தரா ஸ்லிப் கேக்கத் தொடங்கிச்சினம். எங்களுக்குச் சந்தோசம், வேலை குறையப் போகுது எண்டு நினைச்சம். முதல் ஸ்லிப்போட அந்த நினைப்புப் போச்சுது.

ஏனெண்டு சொல்லுறன். முத்து வைச்ச உடுப்பில ஒரு இடத்தில தையல் சுருங்கினால் அதுக்கு மேல இரண்டு முத்தைக் குத்திவிடலாம். உள்ள கான்வாஸ் இருக்கு, லைனிங் இருக்கு, தோளில பஞ்சு இருக்கு. உடுப்பு தானாவே நிக்கும். ஸ்லிப்பில ஒளிக்க இடமே இல்லை. பட்டு கிரேப் துணி, நாலு தையல், அவ்வளவுதான். அந்த நாலில ஒண்டு பிழைச்சாலும் அடுத்த அறையில இருந்து பாத்தாலே தெரியும்.

இப்ப உம்மட பிழை. துணியை நேரா இழுத்தால் நூல் பிடிச்சுக்கொண்டு நிக்கும். மூலைக்கு மூலை இழுத்தால் நூல் நீளுறேல்லை, நூலுகளுக்கு நடுவில இருக்கிற சின்னச் சின்னச் சதுரம் எல்லாம் சாய்ஞ்சு டயமண்ட் மாதிரி ஆகுது. அதால துணி நீளும், அகலம் குறையும். அதுதான் கிராஸ் கட்டிங் உடம்போட விழுகிறதுக்குக் காரணம். பாரிஸில மதலேன் வியோனே எண்டவ 1920களிலயே இதைத்தான் செய்தவ. தொண்ணூறுகளில புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை.

நீர் முன்பக்கத்தை ஒரே துண்டா வெட்டியிருப்பீர் எண்டு நினைக்கிறன். நடுக்கோடு சரியா 45 பாகையில இருந்தாலும், உடுப்பு கீழ போகப் போக அகலுது. அதால ஒரு பக்கத் தையல் பாவு நூலுக்குக் கிட்டப் போகும், மற்றப் பக்கத் தையல் ஊடை நூலுக்குக் கிட்டப் போகும். கிரேப்பில ஊடை நூலுக்கு முறுக்குக் கூட, அது கூட இளகும். அப்ப இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்காது. உமக்கு இடது பக்கம் 4 சென்டிமீட்டர் இறங்கினதுக்கு இதுதான் காரணம். வெட்டின கையோட தைச்சிருப்பீர், அதால முறுக்கவும் செய்திருக்கு.

நாங்கள் செய்த முறை இது. துணியை மடிச்சு வைச்சு வெட்டக் கூடாது, ஒற்றையா விரிச்சு, கீழ மெல்லிய தாள் வைச்சு, துணியையும் தாளையும் சேத்து வெட்டோணும். இல்லாட்டி கத்தரிக்கோல் போகப் போகத் துணி ஓடும். பக்கத் தையலுக்கு முக்கால் அங்குலம் விடுற இடத்தில ஒண்டரை அங்குலம் விடோணும், ஏனெண்டால் நீளும்போது அகலம் குறையும். கழுத்துக்கும் கைக்குழிக்கும் வெட்டின உடனயே நேர் நூல் நாடா ஒண்டு வைச்சுக் கையால கட்டிப்போடோணும். அந்த இடம் நீண்டால் திரும்பக் கொண்டுவர ஏலாது. பிறகு துண்டுகளைத் தனித்தனியா மேல்ப் பக்கத்தில கிளிப் போட்டு ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடோணும். அடுத்த நாள் வெட்டு மாதிரித் தாளைத் திரும்ப வைச்சுப் பாத்தால் துண்டு மாறியிருக்கும். அப்ப திரும்பக் கோடு போட்டுத் தைக்கோணும். 9ஆம் நம்பர் மெல்லிய ஊசி, அதுவும் புதுசு. கண்ணுக்குத் தெரியாத சின்ன ஸிக்ஸாக் போட்டால் தையலும் துணியோட சேந்து நீளும். நேர்த் தையல் போட்டால் துணி நீள, நூல் பிடிச்சு இழுக்க, தையல் முழுக்கச் சுருங்கி நிக்கும்.

தைச்ச பிறகு திரும்பவும் இரண்டு நாள் தொங்கவிடோணும். கீழ் ஓரத்தை மேசையில வைச்சு வெட்டினால் வராது. ஆள் போட்டுக்கொண்டு நிக்கோணும், நிலத்தில இருந்து அளவுகோலை வைச்சு சுத்திவரச் சோக் போடோணும். நாலு நாள் வேலை பிள்ளை. எளிமை எண்டு சொல்லுறது பாக்கிற ஆளுக்கு.

காளைச்சந்தை | புதன், மாலை 5.10

அக்கா, துணியாவது மிச்சமாகும்தானே?

நல்லூர்_லண்டன் | புதன், மாலை 5.35

இல்லைத் தம்பி. நேரா வெட்டினால் இரண்டு மீட்டரில முடியிற உடுப்புக்கு, சாய்ச்சு வெட்டினால் மூண்டுக்கு மேல வேணும். ஒவ்வொரு மூலையிலயும் முக்கோணத் துண்டு மிஞ்சும், அது ஒண்டுக்கும் உதவாது. அமெரிக்க அதிபர் கென்னடியின்ர மகனைக் கட்டின கரோலின் பெசெட்டின்ர கலியாண உடுப்பு எல்லாருக்கும் நினைவிருக்கும். 1996 செப்டெம்பர், ஜோர்ஜியாவில கம்பர்லண்ட் தீவில ஒரு சின்னத் தேவாலயம். நார்சிசோ ரொட்ரிகஸ் செய்தது, முத்து நிறப் பட்டு கிரேப், சாய்ச்சு வெட்டினது. கல் இல்லை, முத்து இல்லை, லேஸ் இல்லை. அந்தப் படம் வந்த பிறகு எங்கட பட்டறைக்கு வந்த பெண்பிள்ளையளில பாதிப் பேர் அந்தப் பேப்பர்த் துண்டைக் கையில வைச்சுக்கொண்டுதான் வந்தவை.

அதைப் போடக் கஷ்டப்பட்டு கலியாணம் பிந்தினது எண்டு கனபேர் எழுதியிருக்கினம். நான் ஆச்சரியப்படேல்லை. ஸிப் வைச்சால் அந்த இடத்தில துணி விறைக்கும், விழுகை கெட்டுப்போகும். அதால ஸிப் இல்லாமத் தைக்கிறது. அப்ப தலையால போட்டு, தோள் தாண்டி, மார்பு தாண்டி, துணி இளகிற இளக்கத்திலதான் கீழ இறங்கோணும். இறுக்கி அளவெடுத்திருந்தால் நடுவழியில நிண்டிடும். எங்களிட்ட ஒரு பிள்ளைக்கு அப்படி நிண்டு, மூண்டு பேர் சேந்து இறக்கினம். அதுக்குப் பிறகு நான் இடது பக்கத் தையலில அஞ்சு அங்குலம் திறப்பு விட்டு, சின்னச் சின்னக் கொக்கி வைக்கத் தொடங்கினன்.

பனியன்_காரன் | புதன், இரவு 9.55

திருப்பூர்ல இருந்துங்க. அக்கா சொன்னதைப் படிச்சதும் எங்க வேலையும் அதேதான்னு தோணுச்சு. நம்ம ஊரு டெய்லருங்க ஜாக்கெட்டுக்குக் கிராஸ் கட் போடறது இதே வித்தைதான், மார்புல மட்டும் சின்னத் துண்டு. அதனால இறக்கம் தெரியறதில்ல. முழு உடுப்பையும் சாய்ச்சு வெட்டினா அது பூதம் மாதிரி வளரும்.

நான் சொல்ல வந்தது ப்ளெயின் டேங்க்குங்க. எல்லாரும் ஸ்லிப்பையே பேசறீங்க, அந்தக் காலத்துப் பாதி அழகு கையில்லாத வெறும் பனியன்லதான் இருந்துச்சு. பிரிண்ட் போட்ட டீ-ஷர்ட் தைக்கறது லேசு. துணில நீடில் லைன்னு ஊசிக் கோடு விழுந்தாலும் பிரிண்ட் மறைச்சிரும். ஒண்ணுமே இல்லாத வெள்ளை டேங்க் அனுப்பறதுக்குள்ள உசுரு போயிரும். சிங்கிள் ஜெர்சில நூல் முறுக்கு அடங்காம இருந்தா, ரெண்டு தடவை துவைச்சதும் சைடு தையல் அப்படியே சுத்தி வயித்துக்கு வந்துரும். ஸ்பைராலிட்டின்னு சொல்லுவோம். ஊசிமுனை தங்கச்சிக்குப் பக்கத் தையல் முன்னால வந்துச்சே, பின்னல் துணில அதோட அண்ணன். அதனாலதான் நல்ல டேங்க்கெல்லாம் ரிப்ல வருது, ரிப் திரும்பாது. அப்புறம் கழுத்து, கைக்குழி பைப்பிங். இழுத்து ஓட்டினா சுருக்கம் விழும், தளர விட்டா அலை அலையா நிக்கும். அந்த இழுப்பு ஓட்டறவங்க விரல்லதான் இருக்கு.

கலர் இன்னும் மோசங்க. சிவப்பு, பச்சைன்னா ஷேடு கொஞ்சம் மாறினாலும் கண்ணு மன்னிச்சிரும். பேஜ், லைட் கிரே, ஆஃப் ஒயிட் எல்லாம் மன்னிக்காது. முன் துண்டு ஒரு டையிங் லாட், பின் துண்டு அடுத்த லாட்டுன்னு கலந்துருச்சுன்னா, டியூப் லைட்டுல ஒண்ணாத் தெரியும், வாசல்ல கொண்டுபோய்ப் பாத்தா ரெண்டும் ரெண்டு சட்டை. பண்டல்ல நம்பர் ஒட்டாம ஒரு வேலையும் நடக்காது.

ஒண்ணு மட்டும் அக்கா கிட்ட ஒத்துக்க மாட்டேன். துண்டைத் தொங்கவிட்டு ஒரு நாள், தைச்சு ரெண்டு நாள் எல்லாம் பேக்டரில நடக்காதுங்க. ஆயிரம் பீஸை எங்க தொங்கவிடறது? கடைல விக்கற ஸ்லிப்பெல்லாம் அதனாலதான் பாலியெஸ்டர் சாட்டின்ல, நேரா வெட்டி, சைடுல எலாஸ்டிக் வச்சு வருது.

நல்லூர்_லண்டன் | புதன், இரவு 10.40

தம்பி, அதைத்தான் நானும் சொல்லுறன். நேரா வெட்டி எலாஸ்டிக் வைச்சது ஸ்லிப் மாதிரி இருக்கும், ஸ்லிப் மாதிரி விழாது. இரண்டையும் பக்கத்தில நடக்க விட்டுப் பாருங்கோ. சாய்ச்சு வெட்டினது கால் வைக்க வைக்கக் கூடவே வரும். மற்றது காலைச் சுத்திக்கொள்ளும்.

சிராங்கூன்_அக்கா | வியாழன், காலை 7.30

ரெண்டு நாளா படிச்சுக்கிட்டே இருக்கேன். ஒரு விஷயத்தை யாரும் பேசல, அதனால எழுதறேன்.

1986ல சிங்கப்பூர் ஷென்டன் வேயில ஒரு அலுவலகத்துல வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு 22 வயசு, அஞ்சடி உயரம், ரொம்ப ஒல்லி. கூட்டத்துக்குப் போனா என்னைக் காப்பி கொண்டுவர வந்த பிள்ளைன்னு நினைச்சாங்க. முதல் சம்பளத்துல தோள் பஞ்சு வச்ச ஒரு கோட் வாங்கினேன். ப்ளவுஸுக்கு உள்ள வைக்கிற பஞ்சும் தனியா வித்தாங்க, ஒட்டுப் பட்டை வச்சது, பிரா வாருல ஒட்டிக்கலாம். சில நாள் ஒரு பக்கம் நழுவி முதுகுக்குப் போயிடும், அப்பப்போ கை வச்சுப் பாத்துக்கணும். ஆனா அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு உள்ள போனா நாற்காலி தள்ளி விட்டாங்க. நீங்க பகட்டுன்னு சொல்றது எனக்குக் கவசமா இருந்துச்சு.

97ல ஒரு கடையில ஸ்லிப் ட்ரெஸ் போட்டுப் பாத்தேன். ரெண்டு பிள்ளை பெத்த உடம்பு. வயிறு, இடுப்பு, உள்ளாடைக் கோடு எல்லாத்தையும் அந்தத் துணி எழுதிக் காட்டிச்சு. கண்ணாடி முன்னால நின்னு அழுகை வந்துடுச்சு. எண்பதுல உடுப்பு உருவம் குடுத்துச்சு, யாரு போட்டாலும் தோள் நேரா நிக்கும். தொண்ணூறுல அந்த வேலையெல்லாம் உடம்பு மேல வந்து விழுந்துச்சு. விளம்பரத்துல எல்லாம் ஒல்லியான மாடல் கேட் மாஸ் மாதிரி இருக்கற பிள்ளைங்க. கூடுதலா இருந்ததையெல்லாம் எடுத்துட்டாங்கன்னு சொல்றீங்களே, எங்களை மாதிரி ஆளுங்களையும் சேர்த்துல்ல எடுத்துட்டாங்க.

பழைய_இதழ் | வியாழன், காலை 11.00

சிராங்கூன் அம்மா, உங்கள் பதிவைப் படித்த பிறகு நான் எழுதியதில் ஒரு ஓட்டை தெரிகிறது. பணம் எங்கே நகர்ந்தது என்று கேட்டேன். நல்லூர் அம்மா வெட்டுக்குள் என்றார், பனியன்_காரன் நூலுக்குள்ளும் சாயத்துக்குள்ளும் என்றார். நீங்கள் உடம்புக்குள் என்கிறீர்கள். அதை மறுக்க முடியவில்லை. 1992ல் கால்வின் க்ளைன் உள்ளாடை விளம்பரத்தில் கேட் மாஸும் மார்க் வால்பெர்க்கும் கறுப்பு வெள்ளையில் நின்றார்கள், எடுத்தவர் ஹெர்ப் ரிட்ஸ். அங்கே காட்ட உடம்பைத் தவிர வேறெதுவும் இல்லை. 1993ல் ஒரு மாடலிங் ஏஜென்சி விருந்துக்கு கேட் மாஸ் போட்டுப் போன லிசா புரூஸ் ஸ்லிப் இன்றும் அந்தக் காலத்தின் அடையாளமாகக் காட்டப்படுகிறது. அதுவும் ஒளி ஊடுருவும் துணி. 1997 மே மாதம் அமெரிக்க அதிபர் கிளின்டனே, ஃபேஷன் படங்கள் ஹெராயினைக் கவர்ச்சியாக்குகின்றன என்று பேசும் அளவுக்கு அந்த மெலிவு போனது.

ஆனாலும் ஸ்லிப் ஒன்றை வைத்து முழுக் காலத்தையும் தள்ளிவிட மாட்டேன். ஜில் சாண்டரின் கோட்டுகளைப் பாருங்கள். அவையும் அதே காலம், அதே நிறங்கள். பஞ்சை எடுத்துவிட்டு, நல்ல கம்பளித் துணியாலும் தோள் வெட்டாலும் மட்டுமே உருவம் கொடுத்தார். வேலைக்குப் போகும் பெண்ணுக்காகத்தான் அவர் செய்தார். உங்கள் கவசம் அங்கே இருந்தது. ஸ்லிப்பைக்கூடப் பலர் வெள்ளை டீ-ஷர்ட் மேல், கார்டிகனுக்கு உள்ளே என்றுதான் போட்டார்கள்.

இன்னொன்று. எண்பதுகள் தொண்ணூறுகளில் செத்துப்போகவும் இல்லை. 1994ல் லண்டனில் நடிகை எலிசபெத் ஹர்லி போட்டு வந்தது வெர்சாச்சேயின் தங்க ஊக்கு வைத்த கறுப்பு உடை. பகட்டும் வெறுமையும் ஒரே வருஷம், ஒரே பத்திரிகை, எதிரெதிர்ப் பக்கம்.

சிராங்கூன்_அக்கா | வியாழன், பகல் 1.15

அந்தக் கோட்டு எங்க சம்பளத்துக்கு எட்டுமா ஐயா? எட்டினது ஸ்லிப்பும் டேங்க்கும்தான். கடையில தொங்கினதும் அதுதான். கவசம் விலை ஏறிப்போச்சு, அதைத்தான் நான் சொல்றேன்.

பழைய_இதழ் | வியாழன், பகல் 2.05

அதற்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா.

காளைச்சந்தை | வியாழன், மாலை 6.30

விலை கம்மின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா சரிவு, மந்தநிலை முக்கியம்ங்கறதை விட மாட்டேன். 81லயே கறுப்பைக் காட்டினாங்க சரி, அப்ப யாரு பின்னால போனாங்க? எல்லாக் கடைக்கும் பரவ 90 ஆச்சுல்ல?

ஊசிமுனை | ஞாயிறு, காலை 10.20

எல்லாருக்கும் நன்றி. நல்லூர் அம்மா, நீங்கள் சொன்னபடி மறுபடி தைத்தேன். இந்த முறை 3.2 மீட்டர் வாங்கினேன், கனமான கிரேப். முன்பக்கத்தை நடுவில் பிரித்து இரண்டு துண்டாக வெட்டினேன், இரண்டு பக்கமும் நூல் கண்ணாடிப் பிம்பம் மாதிரி சாய்ந்திருக்கும்படி. பின்பக்கமும் அப்படியே. கீழே செய்தித்தாள் வைத்தேன், அதன் மை துணியில் ஒட்டியது, பிறகு வெள்ளைத் தாளுக்கு மாறினேன். வியாழன் இரவு துண்டுகளைத் தொங்கவிட்டேன். வெள்ளி இரவு அளந்தபோது ஒவ்வொரு துண்டும் இரண்டே கால் செ.மீ. வளர்ந்திருந்தது. அகலம் முக்கால் செ.மீ. குறைந்திருந்தது. நீங்கள் சொன்ன அந்தச் சின்னச் சதுரம் சாய்வதை முதல் முறையாகக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

தைத்து முடித்து நேற்று இரவிலிருந்து தொங்குகிறது. காலையில் அளந்தேன், இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் அரை செ.மீ. கூட இல்லை. பக்கத் தையல் இடத்திலேயே நிற்கிறது. ஆனால் முன்னால் நடுவில் ஒரு தையல் ஓடுவது எனக்கு உறுத்துகிறது. டயானா படத்தையும் பெசெட் படத்தையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், முன்னால் கோடு கண்ணுக்குப் படவில்லை.

சிராங்கூன் அம்மா, உங்கள் பதிவுக்காகக் கட்டுரையில் தனியாக ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறேன். பெயர் போட மாட்டேன். தோள் பஞ்சு வைத்த கோட்டின் படம் ஏதாவது உங்களிடம் இருந்தால் பார்க்க ஆசை.

நல்லூர்_லண்டன் | ஞாயிறு, பகல் 12.10

வடிவாச் செய்திருக்கிறீர் பிள்ளை. நடுத் தையல் வேண்டாம் எண்டால் ஒரே துண்டாவும் வெட்டலாம், அதுக்கு வேற விலை குடுக்கோணும். ஒரு நாள் இல்லை, நாலைஞ்சு நாள் தொங்கவிடோணும். இறங்கிற பக்கத்தில கீழ் ஓரத்துக்கு மூண்டு அங்குலமாவது கூட விட்டு, பிறகு வெட்டிச் சமப்படுத்தோணும். எங்கட பட்டறையில நான் ஒரே துண்டுதான் வெட்டுவன். எனக்குப் பக்கத்தில இருந்தவ கடைசி வரைக்கும் நடுத் தையல்தான் எண்டு நிண்டவ. இரண்டு பேரின்ர உடுப்பும் வித்துப்போனது.

இண்டைக்குக் கீழ் ஓரம் வெட்டாதையும், நாளைக்கும் தொங்கட்டும். சோக் போடேக்க என்ன செருப்புப் போடப் போறீரோ அதையே போட்டுக்கொண்டு நில்லும், குதிக்கால் உயரம் மாறினால் இடுப்புச் சாயும், ஓரமும் சாயும். ஓரத்தை ரெண்டு தரம் சின்னதா மடிச்சுக் கையால தையும். மெஷின் போட்டால் விறைச்சு நிக்கும்.

சிராங்கூன்_அக்கா | ஞாயிறு, மாலை 3.45

கோட்டே இருக்கும்மா, படம் எதுக்கு. அலமாரியில பாலிதீன் உறை போட்டு வச்சிருக்கேன். சாம்பல் நிறம், இரட்டை வரிசைப் பொத்தான். உள் லைனிங் கிழிஞ்சிருக்கு, பஞ்சு எட்டிப் பாக்குது. நாளைக்கு வெளிச்சத்துல வச்சு உள்பக்கமும் தெரியற மாதிரி எடுத்துப் போடறேன், எத்தனை அடுக்குன்னு நீங்களே எண்ணிப் பாத்துக்கலாம்.